வாடகை வருமானத்தில் கழித்ததற்குக் கணக்கு கேட்டு நோட்டீஸ்: எஸ்டேட் மேலாளரின் கேள்விக்கு ஆடிட்டரின் பதில்

கேள்வி: ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேலாளராக இருக்கிறேன், வயது 57. குடியிருப்பது எஸ்டேட் குவார்ட்டர்ஸில். சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தை ஒரு கொரியர் கம்பெனிக்கு 28,000 ரூபாய்க்கும், மாடியை ஒரு குடும்பத்துக்கு 12,000 ரூபாய்க்கும் விட்டிருக்கிறேன். 2023-24ஆம் ஆண்டில் மொட்டை மாடி ஒழுகியதால் கூலிங் டைல்ஸ் பதித்து, வயரிங் மாற்றி, பெயின்ட் அடித்தேன். செலவு 1,45,000 ரூபாய். ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர், பழைய வரி முறையில், அதைக் கழித்துக்கொண்டு வாடகை 3,35,000 ரூபாய் என்று காட்டினார். மாநகராட்சிக்குக் கட்டியது 19,400, பேங்க் வட்டி 1,90,000 என்று அவற்றையும் கழித்தார். கடன் 2019 ஆகஸ்டில் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய 25 லட்சம். அதில் 15 லட்சத்தில் மாடி கட்டினேன், 2020 ஜூனில் வேலை முடிந்தது. மீதி 10 லட்சம் மகள் கல்யாணத்துக்குப் போனது. ஜூனில் ஒரு நோட்டீஸ் வந்தது. இப்போது எல்லாக் கழிவுகளுக்கும் ஆதாரம் கேட்டு, 15 நாள் கெடுவோடு இன்னொன்று வந்திருக்கிறது. ரிப்பேர் வேலைக்குப் பில் இல்லை. மேஸ்திரியிடம் இப்போது பில் எழுதி வாங்கிவிடட்டுமா? ஹோம் லோன் இல்லாததால் வட்டி முழுவதும் தள்ளுபடியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தூக்கமே வரவில்லை ஐயா.

பதில்: வணக்கம் ஐயா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மேஸ்திரியிடம் பில் எழுதி வாங்காதீர்கள். அப்படி ஒரு பில் இருந்தாலும் ஒரு ரூபாய்க்குக்கூட உதவாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் பழைய தேதி போட்டு இப்போது எழுதிய ஒரு காகிதத்தைத் துறைக்கு அனுப்பினால், இன்று வெறும் தவறாக இருக்கும் விஷயம் பொய் ஆவணம் கொடுத்த விவகாரமாக மாறிவிடும். இப்போது இருப்பது வரியும் வட்டியும் கட்டித் தீர்க்கக்கூடிய சிக்கல். அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்தேன். ஜூனில் வந்தது 143(2) பிரிவின் கீழ், உங்கள் ரிட்டர்ன் ஆய்வுக்கு எடுக்கப்பட்டது என்று சொல்லும் நோட்டீஸ். இப்போது வந்திருப்பது 142(1), அதாவது கேள்வித்தாள். உங்கள் ரிட்டர்ன் ஏன் மாட்டியது என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. கொரியர் கம்பெனி உங்கள் வாடகையில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருக்கிறது. அதனால் உங்கள் 26ஏஎஸ் படிவத்தில் அந்த ஒரு கம்பெனி கொடுத்த வாடகையே 3,36,000 ரூபாய் என்று நிற்கிறது. நீங்களோ மாடி, கீழ்த்தளம் இரண்டும் சேர்த்தே 3,35,000 என்று காட்டியிருக்கிறீர்கள். மாடி வாடகை 1,44,000 எங்கே போனது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

ரிப்பேர் செலவு

வாடகை வருமானத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு ரிப்பேர் செய்தீர்கள் என்று சட்டம் கேட்பதே இல்லை. வாடகையில் சொத்து வரியைக் கழித்த பிறகு நிற்கும் தொகையில் 30 சதவீதத்தை 24(a) பிரிவு தானாகவே கழிக்கக் கொடுத்துவிடுகிறது. ஒரு பைசா செலவழிக்காதவருக்கும் அதே 30 சதவீதம்தான், இரண்டு லட்சம் செலவழித்தவருக்கும் அதேதான். பெயின்ட், வயரிங், டைல்ஸ், வாட்ச்மேன் சம்பளம், வீட்டு இன்ஷூரன்ஸ், வாடகைக்கு ஆள் பிடித்த புரோக்கர் கமிஷன் என்று எல்லாமே அதற்குள் அடக்கம். 2001இல் சட்டம் திருத்தப்படுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் போன்றவற்றைத் தனித்தனியாகக் கழிக்க வழி இருந்தது. அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரிட்டர்ன் படிவத்தில் ரிப்பேருக்கென்று ஒரு கட்டமே கிடையாது. அதனால்தான் உங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் வாடகையையே குறைத்து எழுதிவிட்டார். அப்புறம் மென்பொருள் தன் பங்குக்கு 30 சதவீதத்தையும் கழித்தது. ஒரே செலவுக்கு இரண்டு முறை கழிவு ஆகிவிட்டது. பில் இருந்தாலும் உதவாது என்று சொன்னது இதனால்தான். கூலிங் டைல்ஸுக்கு நூறு பில் வைத்தாலும் அந்த 1,45,000 கழியாது.

மனசு ஆறுவதற்காக ஒன்று சொல்கிறேன். சரியான கணக்குப்படி உங்களுக்கு வரும் 30 சதவீதம் 1,40,880 ரூபாய். நீங்கள் நிஜமாகச் செலவழித்ததற்கு ஏறக்குறைய சமம்.

மாநகராட்சிக்குக் கட்டியது

இங்கே இரண்டு விஷயம் மட்டும் பார்க்கவேண்டும்: கட்டியது யார், எந்தத் தேதியில். வரி எந்த அரையாண்டுக்கு உரியது என்பது முக்கியமில்லை. வீட்டுக்காரர் அந்த நிதியாண்டுக்குள், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31க்குள், தன் கையிலிருந்து கட்டியிருக்கவேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் ரசீதுகளை மேசையில் பரப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சேலம் மாநகராட்சி ரசீது ஒவ்வொன்றிலும் வரிவிதிப்பு எண், அரையாண்டு, பணம் கட்டிய தேதி மூன்றும் இருக்கின்றன. முதல் ரசீது 2022-23 இரண்டாம் அரையாண்டுக்கான 5,200 ரூபாய், கட்டியது 2023 மே. பாக்கி வரிதான், ஆனாலும் கட்டிய தேதி இந்த ஆண்டுக்குள் வருவதால் கழிக்கலாம். இரண்டாவது 2023-24 முதல் அரையாண்டுக்கான 5,200, கட்டியது செப்டம்பர். அதையும் கழிக்கலாம். மூன்றாவது 2023-24 இரண்டாம் அரையாண்டுக்கானது. அதில் உள்ள தேதியைப் பாருங்கள்: 2024 ஏப்ரல் 12. பன்னிரண்டு நாளில் ஆண்டு தாண்டிவிட்டது. அந்த 5,200 இந்த ஆண்டில் கழியாது. பணம் போய்விடவில்லை, 2024-25க்கான ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். நான்காவது ரசீது குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணம் சேர்த்து 3,800. அது சொத்து வரி இல்லை, பயன்பாட்டுக்குக் கொடுக்கும் கட்டணம். அதை விட்டுவிடுங்கள்.

ஆக, 19,400இல் நிற்பது 10,400. சொத்து வரியைக் குடியிருப்பவரே தன் காசில் கட்டுவதாக ஒப்பந்தம் இருந்தால் அதுவும் வீட்டுக்காரருக்குக் கழியாது. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன்.

கடன் வட்டி

உங்கள் நண்பர்கள் சொன்னது தவறு. அதே சமயம், நீங்கள் செய்ததும் முழுக்கச் சரியில்லை.

24(b) பிரிவு 'ஹோம் லோன்' என்ற பெயரைத் தேடுவதில்லை. கடன் வாங்கிய பணத்தில் வீட்டை வாங்கினீர்களா, கட்டினீர்களா, ரிப்பேர் செய்தீர்களா, புதுப்பித்தீர்களா என்றுதான் பார்க்கிறது. பேங்க் அதை அடமானக் கடன் என்று எழுதினாலும், வீட்டை வைத்துத் தனிநபரிடம் வாங்கிய கடனாக இருந்தாலும், பணம் போன இடம் வாடகைக்கு விட்ட அந்த வீடாக இருந்தால் வட்டி கழியும். இப்போது டைல்ஸ் பதிக்கக் கடன் வாங்கியிருந்தால்கூட, 30 சதவீதத்துக்கு மேல் அந்த வட்டியும் தனியாகக் கழிந்திருக்கும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டித் தொகையில் உச்சவரம்பும் இல்லை. இரண்டு லட்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய முறையில், வீட்டுக் கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளம் போன்ற மற்ற வருமானத்தோடு ஈடுகட்டும்போது வரும் வரம்பு அது. உங்களுக்கு நஷ்டமே இல்லை, அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஆனால் அதே அளவுகோலை மறுபக்கம் வைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் போன 10 லட்சம் வீட்டுக்குள் போகவில்லை. வீட்டை அடமானம் வைத்தது கடனுக்குப் பாதுகாப்பு, அது செலவின் நோக்கத்தை மாற்றாது. எனவே 25இல் 15 பங்கு, அதாவது 60 சதவீத வட்டி மட்டுமே உங்களுக்கு உரியது: 1,90,000இல் 1,14,000 ரூபாய்.

அந்த 60 சதவீதத்தை நிரூபிப்பதுதான் இந்தப் பதிலில் உண்மையான வேலை. பேங்க் கொடுக்கும் வட்டிச் சான்றிதழ் எவ்வளவு வட்டி என்று மட்டுமே சொல்லும், பணம் எங்கே போனது என்று சொல்லாது. அதற்கு 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரையான சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட் வேண்டும். கடன் தொகை வரவான வரியில் ஒரு நிறம் அடியுங்கள். கான்ட்ராக்டருக்கும், சிமென்ட், கம்பிக் கடைக்கும் போன காசோலைகளுக்கு இன்னொரு நிறம். மண்டபம், நகைக்கடைக்குப் போனவற்றுக்கு மூன்றாவது நிறம். காசோலையாகப் போகாமல் ரொக்கமாக எடுத்து மேஸ்திரிக்கு வாரக்கூலி கொடுத்தது இருந்தால், அந்தக் காலத்தில் எழுதிவைத்த நோட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். வாரச் சனிக்கிழமைகளில் 'கொத்தனார் 4, சித்தாள் 6' என்று எழுதியிருக்கும் பழைய நோட்டு, பேங்கில் அதே வாரம் எடுத்த தொகையோடு பொருந்தினால், அது நல்ல ஆதாரம். அது அன்றைக்கு எழுதியது. நீங்கள் இன்றைக்கு வாங்க நினைத்த பில்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இவற்றோடு மாடிக்கு வாங்கிய கட்டட அனுமதி, மாடிக்குப் புதிதாகச் சொத்து வரி விதித்த உத்தரவு, மின் இணைப்பு கொடுத்த தேதி இவையும் இருந்தால் வேலை முடிந்த தேதியும் உறுதியாகிவிடும்.

அந்தத் தேதி இன்னொன்றுக்கும் தேவை. நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்களுக்கு வரவேண்டிய ஒரு கழிவு விடுபட்டிருக்கிறது. கட்டடம் முடிந்த நிதியாண்டு 2020-21. அதற்கு முன், 2019 ஆகஸ்டிலிருந்து 2020 மார்ச் 31 வரை கட்டிய வட்டியை ஐந்து சம பங்காக, 2020-21 தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழிக்கலாம். ஒரு பேச்சுக்கு அந்த எட்டு மாத வட்டி 1,60,000 என்றால், மாடிக்கு உரிய 60 சதவீதம் 96,000. ஆண்டுக்கு 19,200. நோட்டீஸ் வந்த 2023-24க்கு நான்காம் பங்கு வரும். அதை ரிட்டர்னில் கேட்கவில்லை. திருத்திய ரிட்டர்ன் போட 2025 ஜனவரி 15 கடைசி, அது போய்விட்டது. ஆய்வு நடக்கும்போது அப்டேட்டட் ரிட்டர்னும் போடமுடியாது. ரிட்டர்னில் கேட்காத புதுக் கழிவை, திருத்திய ரிட்டர்ன் இல்லாமல் அதிகாரி ஏற்கமுடியாது என்று உச்ச நீதிமன்றம் கோயட்ஸே வழக்கில் 2006இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பதிலில் கேட்டுவையுங்கள். வரி கட்டுபவரின் அறியாமையை அதிகாரிகள் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது என்று 1955இலேயே அன்றைய மத்திய வருவாய் வாரியம் 14ஆம் எண் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். கிடைத்தால் நல்லது. ஐந்தாவது, கடைசிப் பங்கு 2024-25க்கு உரியது. அதை மட்டும் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

கணக்கு எங்கே வந்து நிற்கிறது

மொத்த வாடகை 4,80,000. சொத்து வரி 10,400 போக 4,69,600. அதில் 30 சதவீதம் 1,40,880 போக 3,28,720. வட்டி 1,14,000 போக வீட்டு வருமானம் 2,14,720 ரூபாய். நீங்கள் காட்டியது 30,920. வித்தியாசம் 1,83,800.

நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருக்கிறீர்கள், மொத்தத்தையும் கூட்டினாலும் அதைத் தாண்டவில்லை. செஸ்ஸோடு சேர்த்து வரி சுமார் 38,230 ரூபாய். இதற்கு 234B பிரிவின்படி 2024 ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீத வட்டி, அதாவது மாதம் சுமார் 382 ரூபாய். தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குத் தொகை இல்லை. பயப்படவேண்டியது அபராதத்துக்கு மட்டும்தான். வருமானம் குறைத்துக் காட்டப்பட்டது என்று 270A பிரிவில் எடுத்தால் வரியில் 50 சதவீதம், சுமார் 19,000. தெரிந்தே மறைத்தது, பொய்யாகக் காட்டியது என்று எடுத்தால் 200 சதவீதம், சுமார் 76,000. அந்த மேஸ்திரி பில் உங்களை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்பது இப்போது புரியும்.

பதிலை எப்படிக் கொடுப்பது

சேலத்தில் எந்த அலுவலகத்துக்கும் போகவேண்டாம். இது முகமறியா ஆய்வு, எல்லாமே இணையத்தில்தான். முதலில் நோட்டீஸில் உள்ள ஆவண அடையாள எண்ணை, அதாவது டின் எண்ணை, incometax.gov.in தளத்தில் போட்டு அது உண்மையானதுதான் என்று உறுதி செய்யுங்கள். இப்போது போலி நோட்டீஸ்களும் மின்னஞ்சலில் உலாவுகின்றன. பிறகு உள்ளே நுழைந்து Pending Actions, அதில் e-Proceedings. நோட்டீஸ் அங்கே இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட் வர நாளாகும் என்றால், கெடு முடிவதற்கு முன்பே அதே இடத்தில் கூடுதல் அவகாசம் கேளுங்கள். பேசாமல் இருந்துவிட்டால் அதிகாரி கையில் உள்ளதை வைத்துத் தானே கணக்குப் போட்டுவிடலாம், 10,000 ரூபாய் அபராதமும் வரலாம்.

பதில் ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஆனால் நீளமாக வேண்டாம். பொருள் இப்படி இருந்தால் போதும்: 'என் வீட்டின் மொத்த வாடகை 4,80,000. ரிப்பேர் செலவு 1,45,000ஐக் கழித்துத் தவறாக 3,35,000 என்று காட்டப்பட்டுள்ளது. 24(a) கழிவுக்கு மேல் அது அனுமதிக்கப்படாது என்பதை அறிந்து அந்தக் கழிவைத் திரும்பப் பெறுகிறேன். சொத்து வரியில் 9,000 ரூபாயையும், வட்டியில் வீட்டுக்குப் பயன்படாத 40 சதவீதத்தையும் திரும்பப் பெறுகிறேன். திருத்திய கணக்கு இணைப்பில் உள்ளது. கூடுதல் வரியைக் கட்டிவிட்டேன், செலான் விவரம் இது.' இதற்குக் கீழே ஆதாரங்களை எண் போட்டு அடுக்குங்கள்: இரண்டு வாடகை ஒப்பந்தங்கள், வாடகை வரவான கணக்கு, மூன்று சொத்து வரி ரசீதுகள், வட்டிச் சான்றிதழ், நிறம் அடித்த ஸ்டேட்மென்ட். மூன்றாவது ரசீதையும் வைக்கச் சொல்வது, எதைத் திரும்பப் பெற்றீர்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்பதற்காக.

வரியையும் வட்டியையும் அதே தளத்தில் e-Pay Tax வழியாக, மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்று கவனமாகத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே கட்டிவிடுங்கள். ஆண்டை மாற்றிக் கட்டிவிட்டு அலைபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ரிப்பேர் செலவை உண்மையாகவே செய்தீர்கள், இல்லாததை உருவாக்கவில்லை, எல்லா விவரத்தையும் நீங்களே எடுத்து வைத்தீர்கள் என்பது அபராதக் கட்டத்தில் உங்கள் பக்கம் பேசும். அதனால் டைல்ஸ் பதித்த படம், கடைக்குப் போன ஜிபே பதிவு எதுவாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். கழிவு வாங்க அது உதவாது, செலவு நடந்தது என்று காட்ட உதவும்.

உத்தரவு வந்த பிறகு ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கும். கேட்ட வரி, வட்டி முழுவதையும் குறித்த நாளுக்குள் கட்டி, மேல்முறையீடு செய்யாமல் இருந்தால், 270AA பிரிவில் படிவம் 68 கொடுத்து 50 சதவீத அபராதத்திலிருந்து விலக்கு கேட்கலாம். உத்தரவு கையில் கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். மறைத்ததாகச் சொல்லும் 200 சதவீத அபராதத்துக்கு இந்த வழி கிடையாது. விடுபட்ட 19,200 ரூபாய் கழிவை அதிகாரி மறுத்துவிட்டால் மேல்முறையீட்டில் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்கலாம்தான். ஆனால் அதில் மிச்சமாகும் வரி 4,000 ரூபாய்க்கும் குறைவு. அதற்காக மேல்முறையீட்டுக்குப் போனால் 19,000 ரூபாய் அபராதத்தைத் தவிர்க்கும் கதவை நீங்களே சாத்திவிடுவீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தக் கழிவை விட்டுவிட்டு, படிவம் 68ஐப் போடுவேன்.